ஆபீஸ்ல டீ பிரேக்ல புது ஆளா நின்னா என்ன பேசுறது? இயல்பா வர்ற வார்த்தைங்க வேணும்

டோம்பிவிலி_வாசு
எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளந்தது எல்லாம் மும்பை பக்கம் டோம்பிவிலி, வீட்ல தமிழ் தான் பேசுவோம் ஆனா அது அம்மா அப்பா பாட்டி கிட்ட பேசுற தமிழ். இப்ப சென்னைல ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனில சேந்து 3 வாரம் ஆச்சு. வேலைல ஒண்ணும் பிரச்சனை இல்ல, மீட்டிங் எல்லாம் இங்கிலீஷ்ல ஓடிருது. பிரச்சனை காலைல 11 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் தான். எல்லாரும் கீழ டீக்கடைக்கு இறங்குவாங்க, நானும் போறேன், கப்ப கைல வாங்கிட்டு என்ன பேசுறதுன்னு தெரியாம போன பாத்துட்டு நிக்கிறேன். நேத்து பக்கத்து டீம் ஆள் ஒருத்தர் கிட்ட பேசினது அப்படியே போடுறேன்:

நான்: ஹாய், எப்படி இருக்கீங்க?
அவர்: ம்ம் நல்லாருக்கேன்.
நான்: வார இறுதி எப்படி இருந்தது?
அவர்: நல்லா போச்சு.
நான்: வேலை எப்படி போகுது?
அவர்: போகுது போகுது.

அவ்ளோ தான், அப்புறம் ரெண்டு பேரும் ரோட்ட பாத்துட்டு நின்னோம். அவர் நல்ல மனுஷன் தான், மத்தவங்க கூட நல்லா சிரிச்சு பேசுறாரு. நான் கேக்குற விதத்துல தான் ஏதோ இடிக்குதுன்னு தோணுது. இங்க இருக்கவங்க உண்மையிலேயே என்ன சொல்லி ஆரம்பிப்பீங்க, எப்படி முடிப்பீங்க, சொல்லுங்களேன்.

ராக்கெட்_ராஜா
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. எல்லாரையும் ப்ரோன்னு கூப்பிடுங்க, "சாப்டீங்களா ப்ரோ" ன்னு ஆரம்பிங்க, அது எந்த நேரத்துலயும் எந்த ஆள் கிட்டயும் வேலை செய்யும். அதுக்கு மேல கிரிக்கெட், அவ்ளோ தான் மேட்டர். நான் இதுவரைக்கும் 4 கம்பெனி மாறிட்டேன், எல்லா இடத்துலயும் இதே தான்.

பழனிவேல்_62
தம்பிக்கு வாழ்த்துகள். புதிதாக வந்தவரை வரவேற்கும்போது இப்படிச் சொல்லலாம்: "தங்கள் வரவு எங்கள் பிரிவுக்குப் பெரும் பலம். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் கேளுங்கள்." நான் அரசு அலுவலகத்தில் 34 வருடம் பணிபுரிந்தேன், புதிதாக மாற்றலாகி வந்த எல்லோருக்கும் முதல் நாள் இதைச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன்.

டோம்பிவிலி_வாசு
ஐயா நன்றி, ஆனா புதுசா வந்தது நான் தான் ஐயா, நான் என்ன பேசணும்னு தான் கேட்டேன்.

ராஜா ப்ரோ, நேத்து 4 மணிக்கு "சாப்டீங்களா" ன்னு கேட்டேன், அவங்க "மணி நாலு ஆச்சே" ன்னு என்ன ஒரு மாதிரி பாத்தாங்க.

சோழிங்கநல்லூர்_அக்கா
வாசு, நான் 15 வருஷமா இந்த ரோட்ல தான் வேலை பாக்குறேன், இப்ப டீம் லீடா இருக்கேன், வருஷா வருஷம் புது பசங்க வந்து இதே மாதிரி கப்ப பிடிச்சுட்டு நிக்கிறத பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல "எப்படி இருக்கீங்க". நம்ம ஊர்ல இது ஏற்கனவே தெரிஞ்ச ஆள, கொஞ்ச நாள் கழிச்சு பாக்கும்போது கேக்குறது. ஊருக்கு போயிட்டு வந்தவங்க, உடம்பு சரியில்லாம லீவ் எடுத்தவங்க, பழைய கம்பெனி ஆளு, இவங்க கிட்ட கேட்டா பதில் வரும். தினம் லிஃப்ட்ல பாக்குற ஆள் கிட்ட கேட்டா அவருக்கு சொல்றதுக்கு என்ன இருக்கு, "நல்லாருக்கேன்" தான். "வார இறுதி" ன்னு வாயால யாரும் சொல்றதே இல்ல, அது நியூஸ்ல வர்ற வார்த்தை. திங்கக்கிழமைன்னா "என்ன, வீக்கெண்ட் ஊருக்கு போனீங்களா?" ன்னு கேப்பாங்க. கவனிங்க, "எப்படி இருந்தது" இல்ல, "போனீங்களா". ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேட்டா தான் நம்ம ஆளுங்க கதை சொல்லுவாங்க, "இல்லீங்க, வீட்ல தண்ணி மோட்டார் ரிப்பேர், அத பாக்கவே ரெண்டு நாள் போச்சு" ன்னு. எப்படி இருந்ததுன்னு கேட்டா மார்க் போடுற மாதிரி "நல்லா போச்சு" ன்னு முடிஞ்சிரும்.

அடுத்தது நேரம். ராஜா சொன்னது பாதி சரி. சாப்டீங்களா மதியம் 12 மணிலேருந்து ஒரு 3 மணி வரைக்கும் தான் சரியா உக்காரும். காலைல 11 மணிக்குன்னா "டிபன் ஆச்சா?", சாயங்காலம்னா "டீ ஆச்சா?" இல்ல நடந்து போகும்போதே "டீக்கா? வாங்க, நானும் அங்க தான் போறேன்". இந்த "நானும் அங்க தான்" தான் முக்கியம், கூட நடக்குறதுக்கு காரணம் கிடைச்சிருச்சு.

அப்புறம் உங்க கேள்வி எல்லாம் மொட்டையா இருக்கு. "நீங்க எந்த டீம்?" ன்னு கேட்டா வாசல்ல செக்யூரிட்டி கேக்குற மாதிரி இருக்கும். "நீங்க பேமென்ட்ஸ் டீம்ல தான இருக்கீங்க?" ன்னு கேளுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல, "இல்லீங்க, நான் ரிப்போர்ட்டிங்" ன்னு திருத்துவாங்க, அந்த திருத்தத்துலயே பேச்சு ஆரம்பிச்சிரும். தான, போல, ல்ல, இந்த மூணும் வாய்ல பழகணும். "புதுசா வந்திருக்கீங்க போல", "நீங்களும் தாம்பரம் பக்கம் போல", "அன்னைக்கு மீட்டிங்ல பேசினீங்கல்ல". நமக்கு பாதி தெரியும், மீதிய நீங்க சொல்லுங்கன்னு அவங்க கைல குடுக்குற மாதிரி.

உங்க நேத்து பேச்சையே மாத்தி எழுதுறேன் பாருங்க:

நீங்க: நீங்க பேமென்ட்ஸ் டீம் தான? அன்னைக்கு மீட்டிங்ல பாத்தேன்.
அவர்: ஆமா. நீங்க புதுசா வந்திருக்கீங்கல்ல?
நீங்க: ஆமாங்க, 3 வாரம் ஆச்சு. இன்னும் எல்லா ஆக்சஸும் வரல, டிக்கெட் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.
அவர்: ஐயோ, எனக்கு ஒரு மாசம் ஆச்சுங்க. அந்த விபிஎன் தான?
நீங்க: அதே தான். நீங்க யார புடிச்சு வாங்குனீங்க?

இங்க பாருங்க, எங்கயும் பெருசா ஒண்ணும் பேசல. ஆனா ஒவ்வொரு பதில்லயும் ஒரு வால் இருக்கு, அத புடிச்சு அடுத்தவர் பேசுறாரு. "3 வாரம் ஆச்சு" ன்னு மட்டும் நிறுத்தியிருந்தா அங்கயே செத்திருக்கும். கடைசில நீங்க ஒரு சின்ன உதவியும் கேக்குறீங்க. புது ஆளுக்கு இத விட நல்ல வழி இல்ல, இங்க எந்த கடைல டீ நல்லாருக்கும், மதியம் எங்க சாப்பிடுவீங்க, இந்த பக்கம் ரூம் வாடகைக்கு கிடைக்குமா, இப்படி கேட்டா யாரும் மூஞ்ச திருப்ப மாட்டாங்க. ஆனா ஒரு வருஷம் ஆனவங்க இத கேக்க முடியாது, உங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் தான் டைம், பயன்படுத்திக்கோங்க.

கொங்கு_கவி
அக்கா சொன்னது அத்தனையும் சரிங்க. நான் கோயம்புத்தூர்ங்க, சென்னைக்கு வந்தப்ப எனக்கு எதிர் பிரச்சனை. எங்க பக்கம் எல்லாத்துக்கும் ங்க போட்டு தான் பேசுவோம், "டீ குடிச்சாச்சுங்களா", "எந்த டீமுங்க நீங்க", சின்ன பையன கூட வாங்க போங்கன்னு தான். இங்க வந்து அப்படியே பேசினேனா, நான் ரொம்ப தள்ளி நின்னு பேசுறேன்னு நெனச்சுட்டாங்க. 2 மாசம் கழிச்சு ஒரு பொண்ணு "நீ என் கூட ஃப்ரெண்டாவே ஆக மாட்டியா" ன்னு கேட்டப்ப தான் புரிஞ்சுது. வாசு, உங்க வீட்டு தமிழ்ல நீங்க நீ ன்னு பேசுவீங்களா நீங்க ன்னு பேசுவீங்களா?

டோம்பிவிலி_வாசு
அங்க தான் எனக்கு பயமே. வீட்ல அக்காவ நீ ன்னு தான் கூப்பிடுவேன், அந்த பழக்கத்துல ரெண்டு தடவ டீம்ல இருக்க ஒரு மேடம் கிட்ட "நீ எங்கேருந்து வர்ற" ன்னு வாய்ல வந்திருச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் என் கூட இங்கிலீஷ்ல மட்டும் தான் பேசுறாங்க.

சோழிங்கநல்லூர்_அக்கா
அது தான் வாசு அறிகுறி. தமிழ்ல பேசிட்டிருந்தவங்க திடீர்னு உங்க கிட்ட மட்டும் இங்கிலீஷுக்கு மாறினா, மரியாதை எங்கயோ இடறிருச்சுன்னு அர்த்தம். அடுத்த தடவ பாக்கும்போது தானா போய் "வாங்க" ன்னு ஆரம்பிங்க, "அன்னைக்கு நீ ன்னு சொல்லிட்டேன், வீட்டு பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க" ன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லிட்டு விட்டுருங்க, இழுக்காதீங்க.

வயசு பாக்காம எல்லாருக்கும் நீங்க. பேர் சொல்லியே கூப்பிடலாம், ஆனா வினை மட்டும் மரியாதையா வரணும், "கார்த்திக், டீக்கா போறீங்க?" ன்னு. நீ ன்னு மாறுறத எப்பவும் அவங்க ஆரம்பிக்கட்டும், "வா போன்னே பேசு" ன்னு அவங்களே சொல்லுவாங்க. ப்ரோ உங்க வயசு பசங்க கிட்ட ஓகே, என்ன மாதிரி 40 தாண்டுனவங்க கிட்ட வேணாம். ஜி ன்னு கூப்பிடுறதும் நிறைய நடக்குது, அதுல பாதகமில்ல.

ராக்கெட்_ராஜா
அக்கா நீங்க சொல்ற நேர விஷயம் ஒத்துக்கிறேன், இதுவரைக்கும் கவனிச்சதில்ல. ஆனா ப்ரோ பத்தி ஒத்துக்க மாட்டேன், எங்க மேனேஜருக்கு 45 வயசு, அவரே என்ன ப்ரோன்னு தான் கூப்பிடுறாரு.

சோழிங்கநல்லூர்_அக்கா
அவர் ஆரம்பிச்சாரு ராஜா. நான் சொல்றதும் அதே தான்.

நெல்லை_மாடசாமி
எந்த ஊருன்னு கேக்குறத யாரும் சொல்லலையே. எங்களுக்கெல்லாம் அது தான் முதல் கேள்வி. சென்னைல இருக்கவங்கள்ல நிறைய பேர் வெளியூரு, ஊர் பேர சொன்னதும் முகமே மாறிடும். நான் எப்பவும் "சொந்த ஊரு எது?" ன்னு தான் கேப்பேன், திருநெல்வேலின்னா போதும், நெல்லை எக்ஸ்பிரஸ்ல போவீகளா பஸ்ஸான்னு ஆரம்பிச்சு ரெண்டு டீ ஓடிரும். இப்ப பஸ்ஸுன்னா கிளாம்பாக்கம் போய் சேரவே ஒரு மணி நேரம் ஆகுதுன்னு எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். பண்டிகை வந்தா இன்னும் சுலபம், 60 நாளுக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு ட்ரெயின் புக்கிங் ஓபன் ஆகும், அன்னைக்கு டீக்கடைல "டிக்கெட் கிடைச்சுதா?" ன்னு கேட்டா போதும், கிடைச்சவன் கிடைக்காதவன் எல்லாரும் பேசுவான்.

நிலா_டெஸ்டிங்
மாடசாமி அண்ணா, ஊரு கேக்குறதுல தப்பில்ல, நீங்க நல்ல மனசோட தான் கேக்குறீங்க. ஆனா வாசு புது ஆளு, அவருக்கு இது தெரியணும்னு எழுதுறேன்.

எந்த ஊருன்னு கேட்டு "மதுரை பக்கம்" ன்னு சொன்னதும் ஒரு சிலர் நிறுத்த மாட்டாங்க. மதுரைல எங்க, அந்த ஊர்ல எந்த தெரு, கோயில் பக்கமா அந்த பக்கமா, குலதெய்வம் எது, நீங்க வெஜ்ஜா. நம்ம பேருக்கு பின்னாடி ஜாதி பேர் போடாம இனிஷியல் போடுறோம் இல்லையா, அதனால பேர்ல தெரியாதத தெருவுல தேடுறாங்க. என் முன்னாடி கம்பெனில சேந்த முதல் வாரமே ஒருத்தர் டீ கப்போட நின்னு இந்த வரிசைல கேட்டுட்டே வந்தாரு, நான் பதில் சொல்ல சொல்ல அவர் முகம் மாறுறத பாத்துட்டே நின்னேன். அதுக்கப்புறம் நான் 8 மாசம் டீக்கே போகல. டெஸ்க்லயே ஃப்ளாஸ்க் வெச்சுக்கிட்டேன்.

வாசு, நீங்க மும்பைலேருந்து வந்தவர், உங்க கிட்டயும் "பூர்வீகம் எது" ன்னு கேப்பாங்க. கேக்குறவங்கள்ல நிறைய பேர் சும்மா தான் கேப்பாங்க. நீங்க கேக்கும்போது ஊர் பேரோட நிறுத்திடுங்க. அடுத்த கேள்வி சாப்பாடு, பஸ், வெயில், எதா வேணா இருக்கட்டும். ஊருக்குள்ள இறங்காதீங்க.

நெல்லை_மாடசாமி
தங்கச்சி, மனசு கஷ்டமா இருக்கு. நானும் "அங்க எங்க" ன்னு கேப்பேன், எனக்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு தான் கேப்பேன், ஆனா எதிர்ல இருக்கவங்களுக்கு அது எப்படி கேக்கும்னு நெனச்சதே இல்ல. இனிமே "நாங்க அம்பாசமுத்திரம் பக்கம்" ன்னு என் ஊர நானே முதல்ல சொல்லிட்டு விட்டுருவேன், அவங்களுக்கு சொல்லணும்னா சொல்லட்டும்.

நிலா_டெஸ்டிங்
அது நல்ல வழி அண்ணா. நன்றி.

தேத்தண்ணி
நான் யாழ்ப்பாணம், கொழும்பில வேலை செய்யிறன். எங்கட பக்கம் "நீங்கள் எவடம்?" எண்டு கேப்பினம். ஆனா நிலா அக்கா சொன்ன மாதிரி எங்களுக்கும் அதுக்குப் பின்னால ஒரு பாரம் இருக்கு, சில பேருக்கு சொந்த இடம் ஒண்டு, இடம்பெயர்ந்து வளர்ந்தது இன்னொண்டு, சொல்லத் தொடங்கினா அழுகை வந்திடும். அதால நான் புதுசா வந்த ஆக்களிட்ட "தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" எண்டு தான் கேக்கிறது. பால் தேத்தண்ணியா பிளேன்டீயா எண்ட கேள்வியில கதை தொடங்கிடும்.

டோம்பிவிலி_வாசு
இவ்ளோ எழுதுனதுக்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலா, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன், மும்பைல வேற மாதிரி, சர்நேம்லயே எல்லாம் தெரிஞ்சிரும், இந்த கோணம் எனக்கு தெரியவே தெரியாது.

ரெண்டு நாளா முயற்சி பண்ணேன். அந்த பேமென்ட்ஸ் டீம் ஆள் கிட்ட அக்கா எழுதுன மாதிரியே ஆக்சஸ் வரலைன்னு சொன்னேன், அவருக்கு விபிஎன் இல்ல, லேப்டாப்பே 20 நாள் கழிச்சு தான் வந்துச்சாம், அது வரைக்கும் ட்ரெய்னிங் ரூம்ல உக்காந்து செஸ் விளையாடினாராம். 10 நிமிஷம் போனதே தெரியல. மேடம் கிட்டயும் சொல்லிட்டேன், "அட, விடுங்க" ன்னு சிரிச்சாங்க, தமிழ்ல.

ஆனா முடிக்க தெரியல. கப் காலி ஆன பிறகு நடுவுல ஒரு அமைதி வந்துச்சு, அவர் "அப்புறம்?" ன்னாரு. நான் அடுத்த விஷயம் கேக்குறாருன்னு நெனச்சு எங்க டோம்பிவிலி லோக்கல் ட்ரெயின் கூட்டத்த பத்தி ஆரம்பிச்சேன், அவர் மணி பாக்க ஆரம்பிச்சுட்டாரு. கடைசில நான் "ஓகே, போறேன்" ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சோழிங்கநல்லூர்_அக்கா
அந்த அப்புறம் இருக்கே, அத கேக்குற விதத்துல தான் அர்த்தம். பேச்சு நடுவுல, உங்கள பாத்துட்டே, குரல் மேல ஏறி "அப்புறம்?" ன்னா மீதி கதைய சொல்லுன்னு அர்த்தம். அமைதிக்கு அப்புறம், குரல் கீழ இறங்கி, "அப்புறம்ம்..." ன்னு இழுத்தா என் கிட்ட சரக்கு தீந்திருச்சுன்னு அர்த்தம். கப்ப குப்பைல போட்டுட்டு சொன்னா சந்தேகமே இல்ல, கிளம்பணும். அதுக்கு வழக்கமான பதில் "அப்புறம் என்ன, நீங்க தான் சொல்லணும்". அவருக்கு பேச ஆசை இருந்தா அதுல ஏதாவது சொல்லுவாரு, இல்லன்னா "சரி, மேல போலாமா?" ன்னுவாரு. ரெண்டுமே நல்லது தான்.

"போறேன்" மட்டும் வேணாம். "சரிங்க, வர்றேன்" இல்ல "4:30க்கு கால் இருக்கு, பாப்போம்". உங்க பாட்டி வீட்ல போறேன்னு சொல்ல விட்டிருக்க மாட்டாங்களே, போயிட்டு வரேன்னு தான சொல்லணும்பாங்க?

தேத்தண்ணி
நாங்களும் "போட்டு வாறன்" எண்டு தான் சொல்றது.

டோம்பிவிலி_வாசு
ஆமாக்கா, பாட்டி வாசல்ல நிறுத்தி திருப்பி சொல்ல வெப்பாங்க! ஆபீஸ்லயும் அது உண்டுன்னு தோணவே இல்ல.

பழனிவேல்_62
தம்பி, முதலில் தவறாகப் படித்துவிட்டேன், வருந்துகிறேன். ஒன்று சொல்கிறேன். காசு கொடுக்கிற நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் ஆபீசில் டீக்கு முதலில் ஒருவர் கொடுத்துவிடுவார், மற்றவர் சண்டை போடுவார், அவர் "அடுத்த டீ உங்க கணக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் நாளைக்கும் சேர்ந்து வருவோம் என்பது முடிவாகிவிடும். அவரவர் டீக்கு அவரவர் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

கொங்கு_கவி
ஐயா, சூப்பருங்க. இப்ப ஜிபேல அவங்கவங்க ஸ்கேன் பண்ணிட்டு போயிடுறாங்க, அதனால தான் இந்த பேச்சே குறைஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன். வாசு, நீங்க முந்திட்டு "ரெண்டு டீக்கும் சேத்து போட்டுட்டேங்க" ன்னு சொல்லுங்க. ஆனா தினமும் பண்ணாதீங்க, அவங்களுக்கு சங்கடமா போயிரும்.

ராக்கெட்_ராஜா
டீக்கடைக்காரர என்னன்னு கூப்பிடுறது? நான் மாஸ்டர் ன்னு தான் கூப்பிடுவேன், என் ஃப்ரெண்ட் அண்ணான்னு கூப்பிடணும்ங்குறான்.

நெல்லை_மாடசாமி
டீ போடுறவர மாஸ்டர், கல்லால உக்காந்திருக்கவர அண்ணாச்சி.

கொங்கு_கவி
அண்ணாச்சி எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க மாடசாமி, எங்க கடைக்காரர் கேரளாக்காரர். அண்ணா போதும்.

டோம்பிவிலி_வாசு
இன்னிக்கு 4 மணிக்கு அவர் தான் காசு குடுத்தாரு, "அடுத்தது உங்க கணக்கு" ன்னு அவரே சொன்னாரு பழனிவேல் ஐயா! நாளைக்கு 11 மணிக்கு நான் முந்தணும். அவர் சக்கரை கம்மியா ஸ்ட்ராங்கா குடிப்பாரு, அத மாஸ்டர் கிட்ட எப்படி சொல்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

சோழிங்கநல்லூர்_அக்கா
"அண்ணா, ரெண்டு டீ, ஒண்ணு ஸ்ட்ராங், சக்கரை கம்மி."